சந்தி வெப்பநிலை: சமன்படுத்துவதா, தடையைக் கூட்டுவதா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இதில்தான் குழம்புகிறார்கள். ஒரு கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்போம்.

வெப்பக் கடத்துத்திறன் k = 400 உள்ள செம்புக் கம்பியும், k = 16 உள்ள எவர்சில்வர் கம்பியும் முனையோடு முனை சேர்ந்திருக்கின்றன; சேரும் இடம்தான் சந்தி, அதன் வெப்பநிலை T. இரண்டும் 20 செ.மீ. நீளம், 4 ச.செ.மீ. பரப்பு. செம்பின் வெளிமுனை 100°C, எவர்சில்வரின் வெளிமுனை 0°C. பக்கவாட்டில் வெப்பம் கசியவில்லை, வெப்பநிலைகள் மாறாத நிலைக்கு வந்துவிட்டன; அதனால் இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் ஓடுகிறது.

சமன்படுத்தல்: நீளமும் பரப்பும் ஒன்றே என்பதால் 400(100 − T) = 16T. T = 96.15°C.
தடை: R = L/kA. செம்பு 1.25, எவர்சில்வர் 31.25, மொத்தம் 32.5. ஓட்டம் 100/32.5 = 3.08 வாட். T = 100 − 3.08 × 1.25, அதே 96.15.

வேகம்: இரண்டே கம்பி, வெப்பநிலை மட்டும் வேண்டும் என்றால் முதல் வழி.
நீட்டிப்பு: நடுவில் பித்தளை சேர்ந்தால் முதல் வழியில் இரண்டு தெரியாத எண்கள் வந்துவிடும், தடையில் ஒரு எண்ணைக் கூட்டினால் போதும். இணைப்பில் துரு, காற்றிடைவெளி இருந்தாலும் அதுவும் ஒரு தடைதான்.

ஆனால் மூன்று கம்பிகள் ஒரே புள்ளியில் கூடினால் சமன்படுத்தலே சுலபம்: புள்ளிக்குள் வரும் ஓட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம்.

பலர் இங்கே 50°C என்று சராசரி எழுதிவிடுகிறார்கள். விடை வந்ததும் பாருங்கள்: பெரிய வெப்பநிலை வீழ்ச்சி மோசமான கடத்தியில்தான் இருக்க வேண்டும். செம்பில் 4 டிகிரிகூட இல்லை, எவர்சில்வரில் 96. செம்பில் 96 வந்தால் k இடம் மாறிவிட்டது.