காரைக்குடியில் டாரோட் பார்க்கச் செல்வோர் கவனத்திற்கு: இரு பாதை விரிப்பில் இடமும் வலமும் மாறிய கதை

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடொன்றைத் தங்கும் விடுதியாக நடத்துவோரிடமிருந்து கணக்கர் வேலையும், சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அதைவிடக் கூடுதல் சம்பளத்தில் மற்றொரு வேலையும் ஒரே வாரத்தில் எனக்கு வந்தன. காரைக்குடியில் மாடி அறையொன்றில் டாரோட் படச் சீட்டுகளை விரித்துப் பலன் சொல்லும் ஒருவரிடம், கட்டணம் 800 ரூபாய் என்று முன்பே பேசிக்கொண்டு, சித்தி மகளுடன் சென்றேன்.

அவர் விரித்தது இரு பாதை விரிப்பு. நடுவில் இன்றைய நிலைக்கு ஒரு சீட்டு. அதற்கு மேலே இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. ஒவ்வொரு வரிசையிலும் முதல் சீட்டு அந்தப் பாதை தருவதையும், இரண்டாவது அது கேட்கும் விலையையும், மூன்றாவது அதன் முடிவையும் குறிக்கும். எந்தப் பக்கம் எந்த வேலைக்கு உரியது என்பதைச் சீட்டுகளைக் கலைப்பதற்கு முன்பே சொல்லி நிறுத்திவிட வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர். அவரும், "நீங்கள் முதலில் சொன்ன வேலை இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம்" என்றார். நான் முதலில் சொன்னது கானாடுகாத்தான். சித்தி மகள் அதைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

இடப்பக்கம் மாலை கட்டிய நான்கு கோல்கள், நாணயத்தை மார்போடு அணைத்திருக்கும் மனிதன் உள்ள நான்கு நாணயச் சீட்டு, முடிவாக ஒரு கைவினைஞன் நாணயங்களைச் செதுக்கிக்கொண்டிருக்கும் எட்டு நாணயச் சீட்டு. வலப்பக்கம் படகில் அக்கரை செல்வோர் உள்ள ஆறு வாள், ஒருவரோடு ஒருவர் மோதும் ஐந்து கோல்கள், முடிவாக மின்னல் தாக்கும் கோபுரம்.

விளக்கம் தொடங்கும் முன், "உங்கள் மனம் எதில் இருக்கிறது, அம்மா?" என்று கேட்டார். அம்மாவுடன் இருக்கலாம் என்பதால் கானாடுகாத்தான் என்றேன். உடனே அவர் முகம் இறுகியது. சீட்டுகளின் பார்வையில் இடம் வலமாகிவிடும் என்றும், ஆகவே கோபுரம் விழுந்தது விடுதி வேலைக்கே என்றும் சொன்னார். சித்தி மகள் குறிப்பைக் காட்டியபோது, அவர் முதலில் சொன்னதை நாங்கள்தாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்றார்.

குறிப்பு இல்லாதிருந்தாலும் அந்த வரிசையே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குப் பேருந்தில் போய் மாலையில் வீடு திரும்பும் ஒரு வேலைக்கு, ஊரை விட்டு அக்கரை செல்லும் ஆறு வாள் எப்படிப் பொருந்தும்? சொந்த இடத்துக் கொண்டாட்டத்தைக் காட்டும் நான்கு கோல்கள் சென்னை வேலைக்கு எப்படிப் பொருந்தும்? முடிவுச் சீட்டை அதற்குக் கீழே உள்ள இரண்டோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அவர் அந்த இரண்டையும் தொடாமல் கோபுரத்தை மட்டும் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். போட்டி மிகுந்த இடத்தில் ஏதோ ஓர் அமைப்பு திடீரெனக் குலையும் என்று வலப்பக்க வரிசையை முழுவதுமாகப் படிக்கலாம். "வேலை போகும், வீட்டில் நிம்மதி போகும்" என்று அவர் சொன்னதற்கு அந்த மூன்று சீட்டுகளிலும் இடமில்லை.

பிறகு தெளிவுச் சீட்டு என்று ஒன்றை எடுத்தார். அதற்குத் தனியாக 300 ரூபாய். வந்தது நட்சத்திரம். பெரும் சீட்டுகள் 22-இல் கோபுரம் 16, நட்சத்திரம் 17. இடிந்ததற்குப் பின் வரும் ஆறுதலாகவே அதைப் பொதுவாகக் கொள்வார்கள். அது அவருக்கு உதவவில்லை போலும். மறுபடி 300 ரூபாய்க்கு இன்னொன்றை எடுத்தார். இதயத்தை வாள்கள் துளைக்கும் மூன்று வாள் வந்ததும் நிறுத்திக்கொண்டார். இதுவும் கவனிக்க வேண்டிய அடையாளம்: தெளிவுச் சீட்டு என்றால் எந்தச் சீட்டைத் தெளிவுபடுத்த என்று முதலிலேயே சொல்லி, வந்த ஒன்றோடு நிற்க வேண்டும், வேண்டிய அச்சம் வரும்வரை எடுப்பது படிப்பதாகாது.

இறுதியில், கோபுரத்தை மாற்றத் தகடு ஒன்று எழுதித் தருவதாகவும் அதற்கு 7,500 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். முடிவுச் சீட்டு, அந்தப் பாதையில் இப்படியே நடந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்வது. அது பாதையில் நடப்பவர் செய்கையால் மாறுவதாகவே இந்த முறையைப் பயில்வோர் கருதுவர், தகட்டால் மாறுவதாக அல்ல. தகட்டை மறுத்தேன், மேசையில் கிடந்த சீட்டுகளை எடுத்து வைப்பதற்குள் சித்தி மகள் படம் எடுத்துவிட்டாள். கொடுத்த 1,400 ரூபாயில் தெளிவுச் சீட்டுகளுக்கான 600-ஐயாவது திருப்பித் தரக் கேட்டதற்கு, "சீட்டு திறந்தால் பணம் திரும்பாது, ஆச்சி" என்று அதுவரை இல்லாத மரியாதையுடன் பதில் வந்தது.

இப்படிப்பட்டவரிடம் போக நேர்ந்தால், இரண்டு வேலைகளின் பெயரையும் இரு துண்டுத் தாள்களில் எழுதி, கலைப்பதற்கு முன்பே மேசையின் இடத்திலும் வலத்திலும் வைத்துவிடுங்கள். ஏழு சீட்டும் படித்து முடியும்வரை மனம் எந்தப் பக்கம் என்று சொல்லாதீர்கள். அந்தத் தாள்களை வைக்க அவர் ஒப்பவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். கட்டணத்தை அதுவரை கையிலேயே வைத்திருங்கள்.

சீட்டுகள் சொல்லாததைப் பிறகு நானே கேட்டறிந்தேன்: விடுதியின் நியமனக் கடிதத்தில் வருங்கால வைப்பு நிதி பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். அந்த அறைக்காரர் இப்போது தேவகோட்டையிலும் வாரம் ஒருநாள் அமர்கிறார் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.