சங்கிலித் தையல் நோட்டு: வேலூர் வெயிலிலும் மழையிலும் ஒன்றரை வருடம் புழங்கிய பிறகு

கையால் தைத்த நோட்டு எத்தனை நாள் தாங்கும் என்பது தைத்து முடித்த அன்று தெரியாது. அன்றைக்கு எல்லா நோட்டும் அழகாகத்தான் இருக்கும். இங்கே சொல்லப்போவது வேலூரில் ஒன்றரை வருடம் தினமும் எழுதப் புழங்கிய மூன்று நோட்டுகளைப் பற்றி. இரண்டு அக்னி நட்சத்திரமும் ஒரு ஐப்பசி அடைமழையும் அவை பார்த்துவிட்டன. மூன்றும் ஏ5 அளவு, மூன்றுக்கும் முதுகு மூடாத சங்கிலித் தையல். தாளும் நூலும் முதல் பாரத்தைத் தயார் செய்த விதமும்தான் வேறு வேறு.

பாரம் என்பது அச்சகத்துச் சொல்தான். நான்கு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 8 இலை, 16 பக்கம். அது ஒரு பாரம். எட்டு பாரம் சேர்த்தால் 128 பக்கம், மொத்தம் 32 தாள். ஊர்ப் பைண்டிங் கடைகளில் ரசீதுப் புத்தகத்துக்குப் போடுவது போல ஓரத்தில் குத்தித் தைத்தால் நோட்டு ஒருபோதும் மட்டமாக விரியாது. மடிப்பின் வழியே தைத்தால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசையில் படிந்து கிடக்கும். இந்தத் தையலைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு காரணமே போதும்.

ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று நோட்டிலும் நூல் எங்கேயும் அறுந்துபோகவில்லை. கிழிந்ததெல்லாம் தாள்தான். அதுவும் நடுப் பாரங்களில் இல்லை, முதல் பாரத்திலும் கடைசிப் பாரத்திலும். அட்டையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பை வாங்கிக்கொள்வது அந்த இரண்டு பாரத்தின் துளைகள். நடுவில் இருப்பவை ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

முதல் நோட்டு, நூல் விஷயத்தில் பாடம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் வேலைக்கான மெழுகு நூல் எளிதாகக் கிடைக்கும். உறுதியான நூல்தான், ஆனால் 0.8 மில்லிமீட்டர் தடிமன். 80 ஜிஎஸ்எம் தாளில் ஓர் இலை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். 64 இலைக்கு ஆறரை மில்லிமீட்டர் வரும். ஒவ்வொரு பாரத்தின் மடிப்புக்குள்ளும் நூல் ஒரு தடவை ஓடுகிறது. எட்டு பாரத்துக்கு 0.8 வீதம் இன்னொரு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் முதுகில் மட்டும் சேர்ந்துவிடும். முதுகு தடித்து வாய்ப்பக்கம் மெலிந்து, நோட்டு ஆப்பு மாதிரி ஆகிவிடும். அட்டை சரிவாகப் படுக்கும், எழுதும் கை வழுக்கும். அதே தையலை 0.4 மில்லிமீட்டர் லினன் நூலில் போட்டால் மூன்று மில்லிமீட்டர் அளவுதான் ஏறும். அந்தச் சின்ன உப்பல் நல்லதே, எழுத எழுதத் தாள் தளரும் இடத்தை அது நிரப்பிவிடும். நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் முடிச்சு நழுவாது, ஈரமும் சட்டென்று ஏறாது.

அதே கடைகளில் கிடைக்கும் தோல் குத்தூசியையும் இதற்கு எடுக்கக் கூடாது. அதன் முனை பட்டை பட்டையாக இருக்கும். தோலில் அது வேண்டும், தாளில் அது துளை போடாது, கீறும். கீறலின் மூலையிலிருந்துதான் கிழிசல் தொடங்குகிறது. உருண்டை முனையுள்ள தடித்த தையல் ஊசியை ஒரு மரத்துண்டில் செருகிக்கொண்டால் போதும். முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். பிடி வரை அழுத்தினால் துளை அகன்றுவிடும்.

இரண்டாவது நோட்டில் நூல் சரி, தாள் தவறு. கடையில் கட்டாக வாங்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5 ஆக மடிக்கும்போது மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. நார்கள் முறிந்து மடிப்பு சொரசொரப்பாகும், அழுத்திவிட்டாலும் மெல்ல மேலெழும். மழை மாதத்தில்தான் இது முழுதாகத் தெரியவரும். தாள் ஈரத்தில் நாருக்குக் குறுக்குவாக்கில்தான் அதிகம் விரியும். இங்கே அந்தத் திசை முதுகை ஒட்டியே இருக்கிறது. முதுகைத் தையல் பிடித்துக்கொண்டிருக்க, வாய்ப்பக்கம் மட்டும் நீண்டு அலை அலையாகிவிட்டது. தை மாத வெயிலில் காய்ந்தும் அந்த அலை முழுதாகப் போகவில்லை.

இதற்கு வழி எளிது. நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாளை வாங்கி நீளத்தைப் பாதியாக வெட்டினால் வருவதும் ஏ4 அளவுதான், ஆனால் நார் இப்போது குட்டைப் பக்கத்தோடு ஓடும். மடிக்கும்போது மடிப்பும் நாரும் ஒரே திசையில் வரும். 32 தாளுக்கு 16 ஏ3 தாள் போதும். வாங்குமுன் ஒரு தாளை இரண்டு திசையிலும் மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவாக இருக்கிறதோ, நார் அந்த வளைவின் கோட்டோடு ஓடுகிறது.

மூன்றாவது நோட்டு அப்படி வெட்டிய தாளில், மெல்லிய லினன் நூலில் தைத்தது. அதை முழுதாகச் சொல்கிறேன்.

மடித்த பாரங்களை ஒரு ஸ்பூனின் முதுகால் தேய்த்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே பத்துக் கிலோ எடை ஏற்றி ஓர் இரவு விட வேண்டும். இதைத் தவிர்த்தால் முதல் மாதத்திலேயே தாள்களுக்கு நடுவிலுள்ள காற்று வெளியேறி, இறுக்கமாக இருந்த தையல் தொளதொளத்துவிடும். தையல் தளர்ந்துவிட்டது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான், தளர்ந்தது நூல் அல்ல.

துளை ஐந்து. 210 மில்லிமீட்டர் முதுகில், தலையிலிருந்து 15, 60, 105, 150, 195. ஒரு தாள் பட்டையில் இந்த அளவைக் குறித்து, ஒவ்வொரு பாரத்தின் நடுவிலும் வைத்து உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். எல்லாப் பாரத்தின் தலையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தாலும், கை குத்திய துளை தலைகீழாகப் போட்டால் அரை மில்லிமீட்டராவது விலகி நிற்கும். அட்டையிலும் அதே ஐந்து உயரத்தில், முதுகு ஓரத்திலிருந்து 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் துளை.

அட்டை 2 மில்லிமீட்டர் போர்டு, மேலே பருத்தித் துணி. உள்பக்கமும் கட்டாயம் தாள் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது அட்டையை அந்தப் பக்கம் இழுத்து வளைத்துவிடும், வேலூர் சித்திரையில் அது இன்னும் வேகமாக நடக்கும். தோல் துண்டு கைக்கெட்டும் ஊர் என்பதால் தோல் போர்த்தத் தோன்றும். முதல் பாரத்தின் துளைகளை நினைத்தால் வேண்டாம், அட்டை எடை கூடக் கூட அந்தத் துளைகளுக்குத்தான் சுமை.

அந்தச் சுமைக்காகவே முதல் பாரத்துக்கும் கடைசிப் பாரத்துக்கும் மல் துணியில் 20 மில்லிமீட்டர் அகலப் பட்டை வெட்டி, வெளித்தாளின் மடிப்பைச் சுற்றி மைதா பசையால் ஒட்டியது. உள்தாளின் மடிப்பிலும் அதே போல ஒன்று. பசையைத் தண்ணீராகக் காய்ச்சாமல் சற்றே இறுகலாக எடுத்து மெல்லிதாகத் தடவ வேண்டும், தாள் ஊறாது. பூச்சி வராமலிருக்க பைண்டிங்காரர்கள் பசையில் துளி மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம் என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தேவையில்லை. துளை குத்துவது பட்டை நன்றாகக் காய்ந்த பிறகு.

தையலுக்கு இரண்டரை மீட்டர் நூல். முதல் பாரத்தின் உள்ளிருந்து முதல் துளை வழியாக வெளியே வந்து, அட்டைத் துளையில் வெளியிலிருந்து உள்ளே இறங்கி, அட்டைக்கும் பாரத்துக்கும் நடுவில் வந்து, அதே துளையில் திரும்பப் பாரத்துக்குள் போகிறது. அங்கே நூலின் வாலோடு முடிச்சு. அடுத்த துளைக்கு உள்ளேயே நகர்ந்து இதையே செய்யலாம். ஐந்தாவது துளையில் அட்டையைச் சுற்றியதும் உள்ளே திரும்பாமல் இரண்டாவது பாரத்தின் ஐந்தாவது துளைக்குள் ஏறிவிட வேண்டும். இனி ஒவ்வொரு துளையிலும் வெளியே வந்து, கீழே அட்டைக்கும் முதல் பாரத்துக்கும் இடையிலுள்ள தையலைக் கொக்கி போல் சுற்றி, அதே துளையில் திரும்பப் போகும்; வரிசையின் கடைசித் துளையில் மட்டும் திரும்பாமல் அடுத்த பாரத்துக்குள் ஏறும். மூன்றாம் பாரம் முதல் கொக்கி மாட்டுவது அதற்குக் கீழுள்ள இரண்டு பாரங்களுக்கு நடுவில். முதுகில் சங்கிலி இப்படித்தான் உருவாகிறது. கடைசிப் பாரம் கோர்க்கும்போதே பின்னட்டையையும் சேர்த்துக் கட்டிவிடலாம்.

இறுக்கும் திசை மிக முக்கியம். நூல் வந்த திசைக்கே திருப்பி இழுத்தால், அது இரண்டு துளைக்கு நடுவிலுள்ள தாளைச் சுற்றி வளைந்து கத்திபோல் அறுக்கும். தையல் போகும் திசையில், மடிப்போடு ஒட்டியபடி இழுத்தால் தாளுக்கு எதுவும் ஆகாது. இரண்டாவது நோட்டின் கிழிசலில் பாதிக்கு இதுவே காரணம். துளைகள் வட்டமாக இல்லாமல் மடிப்புவாக்கில் கண்ணீர்த்துளி வடிவில் நீண்டிருந்தன.

ஒன்றரை வருடத்தில் மூன்றாவது நோட்டின் அட்டை இரண்டு மில்லிமீட்டர் அளவு பக்கவாட்டில் ஆடுகிறது. மூடாத முதுகில் அந்த ஆட்டம் வரத்தான் செய்யும். துளைகள் வட்டமாகவே இருக்கின்றன. பையில் போட்டு எடுத்துப் போக இந்த வகை ஏற்றதல்ல, முதுகுச் சங்கிலியில் சாவி, பேனா எல்லாம் மாட்டும். மேசை நோட்டுக்கு நல்லது.

உங்கள் நோட்டு தாங்குமா என்று பார்க்க, முன்னட்டையைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். அட்டைக்கும் முதல் பாரத்துக்கும் நடுவில் ஒரே அகலத்தில் ஒளிக்கோடு தெரிந்தால் கவலையில்லை. ஒரு முனையில் மட்டும் அகன்றால் அந்த முனைத் துளை கிழியத் தொடங்கிவிட்டது. உடனே செய்தால் முழு நோட்டையும் பிரிக்க வேண்டியதில்லை. முதல் பாரத்தின் உள்ளே முதல் துளைக்குப் பக்கத்தில் நூலை வெட்டி, துளை துளையாக உருவுங்கள். ஐந்தாவது துளைப் பக்கம் வரும் நூலை நீளமாகவே விட வேண்டும், இரண்டாம் பாரம் அதில்தான் தொங்குகிறது. பாரத்தைத் தனியே எடுத்து, கிழிந்த இடத்துக்குத் துணிப்பட்டை ஒட்டி, காய்ந்ததும் துளை குத்தி, புதிய நூலால் அட்டையோடு தையுங்கள். இரண்டாம் பாரத்தின் கொக்கி வளையங்கள் நடு மூன்று துளையிலும் தலைத் துளையிலும் வெறுமனே நிற்கும். புதிய நூல் அட்டைக்குப் போகும்போது அந்தந்த வளையத்துக்குள் நுழைந்து போக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்த இடத்தில் சங்கிலி மேலே வரை தளர்ந்துகொண்டே போகும். ஐந்தாவது துளையில் பழைய நூலும் புதிய நூலும் பாரத்துக்குள் சந்திக்கும்படி இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, ஒரு சென்டிமீட்டர் வால் விட்டு வெட்டுங்கள்.