18 மாதத்தில் தேவைப்படும் பணத்தை ஈக்விட்டி ஃபண்டில் போட வைத்தார்கள், பிறகு "பாதுகாப்பான" கடன் ஃபண்டுக்கு மாற்றினார்கள்: 3 லட்சம் போய்விட்டது

இன்று காலை வங்கிக் கணக்கில் பணம் வந்து சேர்ந்தது: 7,01,600. பதினெட்டு மாதங்களுக்கு முன்னால் நான் கொடுத்தது 10 லட்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. வீட்டுக்கான கடைசித் தவணை அடுத்த வாரம் கட்ட வேண்டும். குறைகிற 3 லட்சத்துக்கு இனி வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலீட்டு ஆலோசனை நிலையம் என்று பலகை வைத்திருக்கும் ஓர் அலுவலகம் அது. என் கணவரோடு வேலை செய்பவர் சொல்லித்தான் போனோம். எங்களை உட்காரவைத்துப் பேசிய இளைஞர் கேட்ட முதல் கேள்வியே, "இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவை, மேடம்?" என்பதுதான். பதினெட்டு மாதத்தில் வீட்டுத் தவணை, ஒரு நாள்கூடத் தள்ளிப்போக முடியாது என்றேன். அவர் தலையாட்டியபடியே தன் நோட்டுப் புத்தகத்தில் மாதத்தையும் ஆண்டையும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். அந்த இரண்டு கோட்டைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். லாபத்தைப் பேசாமல் தேதியைக் கேட்கிறாரே, விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டேன். காலியாக இருந்த கட்டங்களை அலுவலகத்தில் நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார்.

10 லட்சமும் ஓர் ஈக்விட்டி ஃபண்டுக்குப் போனது. கடந்த ஓராண்டில் அது 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்திருந்ததாக ஒரு தாளைக் காட்டினார்கள். ஈக்விட்டி ஃபண்ட் என்பது நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் நிதி. பங்கு விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். நீண்ட காலத்தில் கடன் ஃபண்டைவிட அதிகம் தர வாய்ப்புள்ளது என்பது உண்மைதான். ஆனால் அந்த "நீண்ட காலம்" எவ்வளவு நீளமானது என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பணம் போன பிறகு நானாகத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கும் மேல் விழுந்திருக்கிறது. டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால், பழைய உச்சத்தைத் திரும்பத் தொட்டது 2013இல். ஐந்து ஆண்டுகளுக்கு மேல்! 2020இல் அதே குறியீடு ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்து, சில மாதங்களிலேயே மீண்டும் எழுந்தது. எந்த வீழ்ச்சி எத்தனை நாள் நீடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. காத்திருக்க முடிகிறவருக்கு அது ஏற்ற இறக்கம். தேதி குறித்து வைத்திருக்கிற என்னைப் போன்றவருக்கு அது நேரடி நஷ்டம்.

ஒன்பதாவது மாதத்தில் என் ஃபண்ட் 24 சதவீதம் கீழே இருந்தது. 10 லட்சம் 7,60,000 ஆகியிருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். "சந்தை என்றால் ஏறும் இறங்கும் மேடம், காத்திருங்கள்" என்றார். 24 சதவீதம் விழுந்தது பழைய நிலைக்கு வர 24 சதவீதம் ஏறினால் போதாது. 76 மறுபடி 100 ஆக, ஏறக்குறைய 32 சதவீதம் ஏற வேண்டும். எனக்கு மிச்சமிருந்ததோ ஒன்பது மாதம். தேதியை நினைவுபடுத்தினேன். "எந்தத் தேதி?" என்று கேட்டார். இரண்டு கோடு போட்டு எழுதியவர் கேட்கிற கேள்வியா இது?

நேரில் போய்ச் சத்தம் போட்டேன். அப்போது உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். மென்மையாகப் பேசினார். "உங்கள் பயம் புரிகிறது. கடன் ஃபண்டுக்கு மாற்றிவிடுகிறோம். வங்கி வைப்புத்தொகை மாதிரிதான், அசையாது" என்றார். நான் இரண்டாவது முறை நம்பினேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஓராண்டுக்குள் வெளியேறுவதால் 1 சதவீதம் வெளியேறும் கட்டணம், அதாவது 7,600, பிடித்தார்கள். மீதி 7,52,400 ஒரு கடன் ஃபண்டுக்குப் போனது. "போன ஆண்டு இந்தப் பிரிவில் இதுதான் முதலிடம், 11 சதவீதம்" என்றார்கள்.

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஈக்விட்டியில் ஆபத்து உண்டு என்று எல்லாருக்கும் ஓரளவு தெரியும். என்னை வீழ்த்தியது, கடன் ஃபண்ட் என்றாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கை.

கடன் ஃபண்ட் அரசும் நிறுவனங்களும் வெளியிடும் கடன் பத்திரங்களை வாங்குகிறது. ஒரு பத்திரம் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் வட்டி விகிதம் ஏறி, புதிய பத்திரங்கள் 8 சதவீதம் தர ஆரம்பித்தால், பழைய 7 சதவீதப் பத்திரத்தை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? அதன் விலை இறங்கும். முதிர்வுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தால் இறக்கம் பெரிது, சில மாதங்களே இருந்தால் மிகச் சிறிது. இதை அளக்கும் எண்ணுக்கு டியூரேஷன் என்று பெயர். ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் தகவல் தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும். வட்டி விகிதம் 1 சதவீதப் புள்ளி ஏறினால், டியூரேஷன் எத்தனை ஆண்டோ ஏறக்குறைய அத்தனை சதவீதம் ஃபண்டின் மதிப்பு குறையும். வட்டி இறங்கினால் அதே அளவு ஏறும்.

என்னை மாற்றிவிட்ட ஃபண்டின் டியூரேஷன் 8 ஆண்டு. எனக்குப் பணம் தேவைப்பட்டது ஒன்பது மாதத்தில்! அந்த ஒன்பது மாதத்தில் வட்டி விகிதம் ஒன்றரைப் புள்ளி ஏறியது. விலையில் 12 சதவீதம் போனது. வட்டியாகச் சேர்ந்தது ஐந்தேகால் சதவீதம். கழித்தால் ஆறேமுக்கால் சதவீத நஷ்டம். 7,52,400 இப்படித்தான் 7,01,600 ஆனது. அவர்கள் பெருமையாகக் காட்டிய 11 சதவீதமும் இதே கணக்கின் மறுபக்கம்தான். போன ஆண்டு வட்டி இறங்கியதால், நீண்ட டியூரேஷன் உள்ள ஃபண்டுகள் முதலிடத்துக்கு வந்திருக்கின்றன. கடன் ஃபண்டில் போன ஆண்டின் பெரிய லாபத்தைப் பார்த்தால், இது எவ்வளவு ஆபத்தை எடுத்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். எனக்கு நடந்தது அபூர்வமும் இல்லை. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியபோது, அங்குள்ள கடன் பத்திரங்களின் பொதுக் குறியீடு ஓராண்டில் ஏறக்குறைய 13 சதவீதம் இறங்கியது.

அந்த ஃபண்டைக் குற்றம் சொல்லவில்லை. எட்டு ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். வட்டி ஏறினால் விலை முதலில் விழும். ஆனால் வருகிற வட்டியும் முதிர்கிற பத்திரங்களின் பணமும் புதிய, உயர்ந்த வட்டிக்குப் போடப்படுவதால், டியூரேஷன் அளவுக்குக் காத்திருப்பவருக்கு அந்த இழப்பு பெருமளவு ஈடாகிவிடும். ஆக, கடன் ஃபண்டுக்கும் காலம் உண்டு, அது ஃபண்டுக்கு ஃபண்டு வேறு. என் 10 லட்சத்தை முதல் நாளே, சில மாதங்களில் முதிரும் தரமான பத்திரங்களை மட்டும் வைத்திருக்கும் ஃபண்டில் போட்டிருந்தால், ஆண்டுக்கு ஆறு, ஆறரை சதவீதம் கிடைத்து, இன்று 10,90,000 அளவுக்கு இருந்திருக்கும். 3 லட்சம் என்று நான் சொல்வதே குறைத்துச் சொல்வதுதான்.

இப்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இளைஞர் வேறு கிளைக்குப் போய்விட்டாராம். மேலாளர் எப்போது அழைத்தாலும் கூட்டத்தில் இருக்கிறார். நான்காம் முறை நேரில் போனபோது என் விண்ணப்பத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தார்கள். "முதலீட்டுக் காலம்" என்ற வரியில், "ஐந்து ஆண்டுகளுக்கு மேல்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. நான் போட்ட டிக் இல்லை. நான் கையெழுத்திட்ட பேனாவின் மையும் இல்லை. "கீழே கையெழுத்து உங்களுடையதுதானே, மேடம்?" என்று கேட்டார்கள். ஆமாம், என்னுடையதுதான். நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், அதில் தேதி இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் அலுவலகத்தில் வைப்பதில்லை என்றார்கள். 3 லட்சம்! என்னோடு ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசக்கூட ஆளில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு ஆண்டு தொடாமல் இருக்க முடியாத பணத்தை ஈக்விட்டி ஃபண்டில் போடாதீர்கள். கடன் ஃபண்ட் என்றால் தகவல் தாளைக் கேட்டு வாங்கி டியூரேஷனைப் பாருங்கள். உங்களுக்குப் பணம் தேவைப்படும் காலத்தைவிட அது நீளமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே தாளில் பத்திரங்களின் தர மதிப்பீடும் இருக்கும். தரம் குறைந்த நிறுவனம் கடனைத் திருப்பித் தராவிட்டால் ஃபண்டின் மதிப்பு ஒரே நாளில் சரியும், டியூரேஷன் குறைவாக இருப்பது அங்கே உங்களைக் காப்பாற்றாது. காலிக் கட்டம் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் எப்போது தேவை என்பதை நீங்களே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகு காசோலையைக் கொடுங்கள்.

நாளை காலை எழுத்துப்பூர்வமான புகாரோடு மறுபடி அங்கே போகிறேன். விண்ணப்பத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டேன், அந்த டிக் அதில் தெளிவாகத் தெரிகிறது.