மூன்று சீசன் வார்ம் கிராஃபோடு: சேஸிங்கில் அது சொல்வதை நம்பலாமா?

கேள்வி பெங்களூரு ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்தது. என் சித்தப்பா மகன் அங்கே ஒரு டென்னிஸ் பால் டீம் வைத்திருக்கிறான். அல்சூரில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுகளுக்கு ஸ்கோர் போடும் ஆப்பின் வருஷ சந்தா இந்த மாதம் பாதியாகக் குறைந்திருக்கிறது. "அண்ணா, வார்ம் கிராஃப் வேணும்னா காசு கட்டணுமாமே, கட்டலாமா?" என்று கேட்டான். ஓவருக்கு ஓவர் டீமின் மொத்த ரன் ஏறுவதைக் காட்டும் அந்தக் கோடுகளை மூன்று சீசனாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் 12 ஓவர் மேட்ச் ஒன்றில் ஐந்து ரன்னில் தோற்றோம். கடைசி ஓவரில் ஆடிய பையனைத்தான் எல்லோரும் திட்டினார்கள். மேட்ச் முடிந்ததும் வார்ம் கிராஃபைத் திறந்தேன். ஐந்தாவது ஓவரிலிருந்து எட்டாவது ஓவர் வரை எங்கள் கோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தது. நாலு ஓவரில் மொத்தம் 14 ரன். கோடு படுத்தால் உடனே விக்கெட் புள்ளிகளைத் தேட வேண்டும். புள்ளி இருந்தால், விக்கெட் போனதால் புதிதாக வந்தவர்கள் நிதானித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் கோட்டில் அந்த நாலு ஓவரில் ஒரு புள்ளிகூட இல்லை. செட்டாகி நின்ற இரண்டு பேர் ஆட்டமிழக்காமலே கட்டை போட்டிருக்கிறார்கள். ஸ்கோர் புத்தகத்தில் இதே எண்கள்தான் இருந்தன, ஆனால் அதைக் காட்டி யாரையும் ஒத்துக்கொள்ள வைக்க முடியாது. படத்தைப் பார்த்ததும் அந்த இரண்டு பேருமே ஒத்துக்கொண்டார்கள். கடைசி ஓவர் பையன் மேல் இருந்த பழி அன்றைக்கே போனது. இதற்காக நான் இந்தப் படத்துக்கு நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஆனால் சேஸிங் நடக்கும்போது இதே படம் ஆளை ஏமாற்றுகிறது. இரண்டு டீமின் கோடும் ஒரே படத்தில் வருகிறது. சேஸ் செய்யும் டீமின் கோடு மேலே இருந்தால் "நாம முன்னாடி இருக்கோம்" என்று பெஞ்சில் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் ஆடிய டீம் இதே ஓவரில் எத்தனை எடுத்திருந்தது என்பதை மட்டும்தான் அந்த இடைவெளி சொல்கிறது. இன்னும் எத்தனை வேண்டும், யார் கையில் எத்தனை விக்கெட் என்பது அதில் இல்லை.

என் தம்பிக்கு எல்லோரும் பார்த்த ஒரு மேட்ச்சை வைத்துத்தான் விளக்கினேன். 2024 ஜூன் 29, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா 176, தென்னாப்பிரிக்காவுக்கு இலக்கு 177. அக்சர் படேலின் ஓவரைக் கிளாசன் வெளுத்து அதில் 24 ரன் வந்த பிறகு, 15 ஓவர் முடிவில் அவர்கள் 147. அதே 15 ஓவரில் இந்தியா 118தான். கோடு 29 ரன் மேலே நின்றது. அந்த நேரத்தில் கோடு சொன்னது நியாயம்தான், 30 பந்தில் 30 ரன் போதும், ஆறு விக்கெட் கையில்.

அடுத்த மூன்று ஓவரைப் பாருங்கள். பும்ரா 4, ஹர்திக் 4, மறுபடி பும்ரா 2. கிளாசனும் யான்சனும் போய்விட்டார்கள். 18 ஓவர் முடிவில் தென்னாப்பிரிக்கா 157. இந்தியா 18 ஓவரில் 150. அதாவது வார்ம் கிராஃபில் தென்னாப்பிரிக்கா இன்னமும் ஏழு ரன் முன்னே! ஆனால் 12 பந்தில் 20 ரன் வேண்டும், கடைசி 18 பந்தில் எடுத்ததோ பத்தே ரன். மேட்ச் கை நழுவிக்கொண்டிருக்கிறது, கோடோ மேலே நிற்கிறது. இந்தியாவுக்கு 19ஆவது ஓவரில் 17 ரன் கிடைத்திருந்தது, அர்ஷ்தீப் வீசிய 19ஆவது ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்தது 4. அந்த ஓவரில்தான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டின, 167க்கு 161. அப்போது மிச்சம் இருந்தது ஆறே பந்து. இடைவெளியை நம்பி உட்கார்ந்திருந்தவனுக்கு ஆபத்து தெரிய வந்தது அந்த ஆறு பந்துக்கு முன்னால்தான்.

காரணம் இதுதான்: முதலில் ஆடும் டீம் விக்கெட்டைச் சேர்த்து வைத்துக் கடைசியில் அடிக்கும். அதனால் அதன் கோடு நடுவில் தாழ்ந்து கடைசியில் நிமிரும். சேஸ் செய்பவன் நடுவில் அதற்கு மேலே இருப்பது பெரிய விஷயமே இல்லை. அவன் தாண்ட வேண்டியது அந்த நிமிர்வைத்தான்.

நான் செய்வது இது. படத்தின் வலது ஓரத்தில், கடைசி ஓவருக்கு நேர் மேலே இலக்கு ரன்னில் ஒரு புள்ளி வைக்கிறேன். இப்போது நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அதன் சரிவு கடைசி மூன்று ஓவரின் சரிவைவிடச் செங்குத்தாக இருந்தால் நிலைமை மோசமாகிறது. அந்த இறுதி ஆட்டத்தில் 15 ஓவர் முடிவில் அந்தச் சரிவு ஓவருக்கு 6, 18 ஓவர் முடிவில் 10. எதிர் டீமின் கோட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. விக்கெட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையில் ஓவருக்கு ஓவர் வரும் பார் ஸ்கோரை, அதாவது அத்தனை விக்கெட் போன நிலையில் ஆட்டம் அங்கேயே நின்றால் சமமாக இருக்கத் தேவையான ரன்னை, மூன்றாவது கோடாகப் போடலாம். மழை வந்தால்தான் அது எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

இந்த ஆப்பில் அந்த மூன்றாவது கோடு கிடையாது. இலக்குப் புள்ளிகூடக் கிடையாது. சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கோட்டை வளைக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓவர் முடிவுப் புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தால் போதும். இவர்கள் அழகுக்காக வழவழவென்று வளைத்து இணைக்கிறார்கள். ஒரு மேட்ச்சில் எதிர் டீம் ஆறாவது ஓவரில் 18 ரன் அடித்து 49க்கு வந்தது. ஏழாவது ஓவர் மெய்டன். நேராக வரைந்தால் 49இல் ஒரு சமதளம் வந்திருக்கும். வளைவோ வந்த வேகத்தில் 49ஐத் தாண்டி மேலே போய், மறுபடி 49க்குக் கீழிறங்கியது. அவர்கள் கேப்டன் போனை நீட்டிக்கொண்டு வந்து, "ஏன் சார் இது, ரன் கம்மி ஆகிதே?" என்று கேட்டார். ரன் எங்கேயாவது குறையுமா? நான் ரன்னைத் திருடிவிட்டதாக நினைத்துவிட்டார். பந்துக்குப் பந்து படித்துக் காட்டி நிரூபிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆப் நடத்துகிறவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், வளைவுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. ஸ்கோரரின் நாணயம் சம்பந்தப்பட்ட இடத்தில் பார்க்க நன்றாக இருந்து என்ன பயன்? ஒரே ஓவரில் இரண்டு விக்கெட் விழுந்தாலும் ஒரு புள்ளிதான் தெரிகிறது, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிடுகிறது. அதையும் எழுதியிருந்தேன். அதற்குப் பதிலே இல்லை.

இத்தனை நாள் எங்களுக்கு உதவியதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் தம்பியிடம் கட்டாதே என்று சொல்லிவிட்டேன், பாதி விலை என்றாலும். கிராஃப் நோட்டு ஒன்று வாங்கச் சொன்னேன். குறுக்கே ஒரு ஓவருக்கு ஒரு சென்டிமீட்டர், மேலே பத்து ரன்னுக்கு ஒரு சென்டிமீட்டர், விக்கெட் விழுந்த பந்திலேயே சிவப்புப் புள்ளி, இலக்குக்கு ஒரு பெருக்கல் குறி. ஓவர் முடிந்து ஃபீல்டர்கள் இடம் மாறுவதற்குள் ஒரு கோடு இழுத்துவிடலாம். வருகிற ஞாயிறு அவர்களுக்கு மேட்ச் இருக்கிறது. முதல் மேட்ச்சுக்கு நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.