கிரேடு போட IF சங்கிலியா, தனி டேபிளா?

நம்ம கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து தமிழ் மீடியம் ஸ்கூல்ல வேலை பாக்குறவங்களுக்கு மார்க் ஷீட்டுன்னா பெரும்பாலும் லிப்ரெஆபிஸ் கால்க் தான், ஸ்கூல் லேப்டாப்ல கைட் போட்டுக் குடுக்குற உபுண்டுல அதுதான இருக்கு. எக்செல்ல பண்ணாலும் கீழ சொல்றது எல்லாம் அப்படியே வேலை செய்யும், அதனால எந்த சாஃப்ட்வேர்னு சண்டை வேண்டாம். கிரேடையும் வெயிட்டேஜையும் எங்க எழுதி வைக்கிறதுங்கிறதுதான் விஷயம்.

ஒண்ணு, எல்லாத்தையும் ஃபார்முலாக்குள்ளயே திணிக்கிறது. வெயிட்டேஜும் உள்ள, 90க்கு மேல A+, 80க்கு மேல A னு எட்டு IF வரிசையா உள்ள. இன்னொண்ணு, முழு மார்க்கை 2ஆவது வரியில, வெயிட்டேஜை 3ஆவது வரியில, கிரேடை ஓரமா ஒரு சின்ன டேபிள்ல வச்சுட்டு ஃபார்முலா அங்க போய் பாக்கட்டும்னு விடுறது. நான் ரெண்டாவதுக்கு மாறிட்டேன், திரும்பிப் போற எண்ணமே இல்ல.

IF சங்கிலிக்கும் ஒரு நியாயம் இருக்கு. ஒரே கிளாஸ், ஒரே சப்ஜெக்ட், ஒரு தடவை பிரிண்ட் எடுத்தா முடிஞ்சுதுன்னா அது போதும், பெரிய மார்க்குல இருந்து இறங்கி எழுதினா சரி. சின்னதுல இருந்து ஆரம்பிச்சா 20 தாண்டின எல்லாருக்கும் D தான் விழும், அது பாத்த உடனே தெரிஞ்சுடும்.

ஆனா மார்க் ஷீட் ஒரு தடவையோட முடியுற சமாச்சாரமா? ஓணப் பரீட்சை 40க்கு, கிறிஸ்துமஸ் 40க்கு, புராஜெக்ட் 20க்கு, வருஷப் பரீட்சை 80க்கு, வெயிட்டேஜ் 20, 20, 20, 40 னு வச்சுக்குவோம். அடுத்த வருஷம் ஸ்டாஃப் மீட்டிங்ல புராஜெக்ட்டுக்கு 10, வருஷப் பரீட்சைக்கு 50 னு மாத்தினா, டேபிள் வழியில ஒரு ஷீட்டுக்கு ரெண்டு செல் மாத்தினா போதும். சங்கிலியில ஒவ்வொரு சப்ஜெக்ட் ஷீட்டா போய் ஃபார்முலாவைத் திருத்தி கீழ வரைக்கும் இழுக்கணும், ஒரு ஷீட் விட்டுப்போச்சுன்னா யாருக்கும் தெரியாது, ஏன்னா தப்பான மார்க்கும் மார்க் மாதிரியேதான் இருக்கும். கிரேடும் அப்படித்தான், எஸ்எஸ்எல்சி மாதிரி 9 கிரேடு ஒரு கிளாஸுக்கு, கீழ் கிளாஸுக்கு அஞ்சு கிரேடுன்னா டேபிளை மட்டும் மாத்திட்டு அதே ஷீட்டை ஓட்டலாம்.

பசங்க மார்க் 5ஆவது வரியில இருந்து, C முதல் F வரைக்கும். மொத்தம் G காலத்துல:

```
=ROUND(100*SUMPRODUCT(C5:F5/C$2:F$2*C$3:F$3)/SUMPRODUCT(ISNUMBER(C5:F5)*C$3:F$3),0)
```

கிரேடு H காலத்துல:

```
=VLOOKUP(G5,$L$5:$M$13,2)
```

L காலத்துல 0, 20, 30, 40 னு ஏறு வரிசையில 90 வரைக்கும், பக்கத்துல E, D, D+, C, C+, B, B+, A, A+. வரிசையை யாராச்சும் திருப்பி வச்சா எல்லாம் போச்சு, இந்த வழியோட பலவீனமே அதுதான்.

ஒரு பையன் 30, 34, 15, 65 வாங்குறான். 15ம் 17ம் 15ம் 32.5ம் சேத்தா 79.5. ROUND போடாம தசமத்தை மட்டும் மறைச்சு வச்சா செல்லுல 80 னு காட்டும், ஆனா கிரேடு B+ னு வரும், ஏன்னா உள்ள இருக்குறது 79.5 தான். "சாரே, 80க்கு A தானே, இதென்ன?" னு பக்கத்து கிளாஸ் டீச்சர் கேட்டது இதைத்தான். மேல ஏத்துறதா வேண்டாமாங்கிறது ஸ்கூல் முடிவு, ஏத்தலைன்னா ஒரு தசமம் தெரியுற மாதிரி வையுங்க.

அதே பையன் காய்ச்சல்ல கிறிஸ்துமஸ் பரீட்சை எழுதலைன்னா செல்லைக் காலியா விடணும். அப்ப 62.5ஐ மீதி வெயிட்டேஜ் 80க்கு வச்சு 78 ஆக்கும், கிரேடு B+. 0 னு போட்டா 63 ஆயி B க்கு இறங்கிடுவான், கிளாஸ் ஆவரேஜையும் சேத்து இழுப்பான். AB னு டைப் பண்ணா #VALUE! வரும், அது ஒரு வகையில நல்லது, கண்ணுல படும்ல.

ரேங்க் எஸ்எஸ்எல்சி ரிசல்ட்டுல கிடையாது, ஆனா பொள்ளாச்சி பக்கம் சொந்தக்காரங்க உள்ள பேரண்ட்ஸ் கேக்காம விடமாட்டாங்க. `=RANK(G5,G$5:G$42)` போதும், ரெண்டு பேர் சமம்னா 1, 2, 2, 4 னு வரும். அந்த டாலர் குறி இல்லாம கீழ இழுத்தா ரேஞ்சும் கூடவே இறங்கி, லிஸ்ட்டுல கடைசிப் பேருக்கு ரேங்க் 1 விழும், இழுத்த உடனே அந்தக் கடைசி வரியை ஒருதடவை பாத்துக்குங்க. முழு எண்ணாக்கின மார்க்குல ரேங்க் போட்டா சமம் நிறைய வருது, தசமத்தோட போட்டா அரை மார்க்குக்கு சண்டை வருது, எது சரின்னு என்னால இன்னும் முடிவா சொல்ல முடியல. புது வெர்ஷன்ல வர்ற XLOOKUP ம் நான் கிளாஸ் ஷீட்டுல போட்டு ஓட்டிப் பாத்ததில்ல, ஸ்கூல் லேப்டாப்ல பழைய வெர்ஷன் இருந்தா அது ஓடாது, அதனால இப்போதைக்கு VLOOKUP தான்.