ஒடியற்கூழ் வகுப்பும் உறுதியான பதிவுகளும்

யாழ்ப்பாணத்தில் சிறு குழுக்களுக்கு ஒடியற்கூழ் வகுப்பு நடத்துகிறேன். பதிவுகளைக் கூகுள் ஷீட்டில் வைத்து, அதிலிருந்தே பானைகளையும் சாமான் அளவையும் பிரிக்கிறேன். நீண்ட நாள் பாவித்த பிறகும் இதைக் கைவிட மனமில்லை. முக்கிய காரணம், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. கசப்புப் போக அதை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். ஊறிய மாவைத் திரும்பக் காயவைத்து எடுத்து வைக்க முடியாது. அதனால் முதல்நாள் மாலை 6 மணிக்குள் பணம் கட்டியவர்கள் மட்டும் 'உறுதி', மற்றவர்கள் 'காத்திருப்பு'.

ஒரே பதிவில் நாலு பேர் வரலாம். ஆகவே வரிசைகளை எண்ணக் கூடாது, தலைகளைக் கூட்ட வேண்டும். C-இல் ஆட்கள், D-இல் நிலை, E-இல் உணவு வகை. முதல் வரி G1-இல், இரண்டாவது G2-இல்:

```
=SUMIFS(C2:C40, D2:D40, "உறுதி", E2:E40, "கடலுணவு")
=ROUNDUP(G1/4, 0)
```

ஒரு வகுப்பில் கடலுணவுக்கு 9 பேர் உறுதி: நாலு பேர் குடும்பம் ஒன்று, மூன்று நண்பர்கள், ஒரு தம்பதி. பானைக்கு அதிகபட்சம் 4 பேர் என்பதால் 3 பானை என்று ஷீட் சொன்னது. மூன்று மூன்றாகப் பிரித்தால் குடும்பம் உடையும், அதனால் 4, 3, 2 என்று கையால் மாற்றினேன். ஷீட்டுக்கு யார் யாரோடு வந்தார்கள் என்று தெரியாது. அந்த வேலை இன்னும் நம்முடையதுதான்.

ஆளுக்கு 30 கிராம் மா என்பது என் கணக்கு. மொத்தம் 270 கிராம். நண்டு ஆளுக்கு ஒன்று; சந்தையில் கிலோவில் நிறுத்தாலும் எண்ணித்தான் வாங்குகிறேன். இவையெல்லாம் ஆட்களோடு நேராகக் கூடும், குறையும்.

தண்ணீர் அப்படியில்லை. 4 பேர் பானைக்கு 1.6 லீற்றர் வைத்தால், 2 பேருக்கு 0.8 என்றுதான் கணக்கு வரும். ஆனால் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் வேக எந்தப் பானையிலும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும். அவ்வளவு நேரத்தில் சிறிய பானையில் தண்ணீர் விகிதத்துக்கு மேல் வற்றிவிடும். அப்புறம் மாவைக் கரைத்து ஊற்றும்போது கூழ் களியாகிவிடும். அதனால் 2 பேர் பானைக்கு 1 லீற்றர் வைக்கிறேன். ஷீட்டிலும் தண்ணீருக்கு மட்டும் பெருக்கல் போடாமல் தனி எண் எழுதி வைத்திருக்கிறேன். அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் கணக்கில் முக்கால் பங்கு முதலில் சேர்த்து, மிச்சத்தை ருசி பார்த்துச் சேர்க்கச் சொல்கிறேன்.

சைவக்காரருக்கு E-இல் 'சைவம்' என்று தனியாக எழுதி, அதே இரண்டு வரியை வேறு கட்டங்களில் திரும்ப எழுதி, 'கடலுணவு' என்பதைச் 'சைவம்' என்றும், G1 என்பதைப் புதிய முதல் வரி இருக்கும் கட்டமாகவும் மாற்றினால் போதும். அவர்களுடைய பானை, அகப்பை இரண்டும் வேறு. நண்டு, இறால் ஒவ்வாதவர்களையும் அந்தப் பானைக்கே அனுப்புகிறேன். மாலை 6 மணிக்குப் பிறகு பணம் கட்டுபவர்களை, கெஞ்சிக் கேட்டாலும், அடுத்த வகுப்பில்தான் சேர்க்கிறேன்.