பிளாட்டிங் கடைல டிடபிள்யூஜி ஃபைல் கொடுக்கறவங்க இத படிச்சிட்டு கொடுங்க

போன மாசம் கோயம்புத்தூர்ல ஒரு பிளாட்டிங் கடைல ஆட்டோகேட்ல வரைஞ்ச மாடுலர் கிச்சன் எலிவேஷன் ஷீட் ஒண்ணு கொடுத்தேன். ஏ2 சைஸ், லேஅவுட்ல வியூபோர்ட் 1:20 வச்சு லாக் பண்ணது. அப்படியே ஒண்ணுக்கு ஒண்ணு போடுங்கன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுதான் வந்தேன், அவங்களும் சரி சார்ன்னாங்க.

ஷீட் வந்தப்பவே ஏதோ இடிச்சுது. வெட்டுற இடத்துக்கு 0.5 போட்டிருந்த கோடும் டைமென்ஷன் கோடும் ஒரே தடிமன்ல இருந்துச்சு, மஞ்சள் லேயர் கண்ணுக்கே தெரியல. நான் கலர் வச்சு லைன் வெயிட் குடுக்கற சிடிபி ஃபைல் அவங்க கம்ப்யூட்டர்ல இல்ல, அது டிடபிள்யூஜிக்குள்ள போகாது, தனியா அனுப்பணும். இல்லாம போட்டா எல்லாமே டிஃபால்ட் 0.25ல கலராவே வந்துரும். அவசரத்துல அப்படியே சைட்டுக்கு கொண்டு போயிட்டேன், அங்கதான் பெரிய அடி.

கார்பென்டர் அண்ணா டைமென்ஷன் போடாத ஒரு டிராயர் யூனிட்ட ஸ்கேல் வச்சு அளந்துருக்காரு. அது 900 எம்எம், 1:20ல பேப்பர்ல 45 எம்எம் வரணும். ஷீட்ல 43தான் இருந்துச்சு, அவரு 860ன்னு எடுத்து பிளைவுட்ட வெட்டிட்டாரு. 900 கேபினெட்டுக்குன்னு வாங்கி வச்ச பாஸ்கெட் உள்ளயே போகல. அந்த யூனிட்ட புதுசா பண்ணோம், பலகைக் காசு என் கைலருந்து போச்சு. டைமென்ஷன் விட்டது என் தப்புதான், ஆனா ஸ்கேல மாத்தினது அவங்க.

திரும்ப கடைக்குப் போய் கேட்டப்ப கடைக்காரர், ஓரத்துல பார்டர் வெட்டுப்படுதுன்னு Fit to paper டிக் பண்ணிட்டோம்னாரு. Plot areaல Layout இருந்தா அந்த டிக்கே போட முடியாது, அதனால Extents மாத்திட்டு போட்டுருக்காரு. 594 அகலம் 570க்குள்ள சுருங்கிருச்சு, அதாவது 96 சதவீதம். டயலாக்ல 1 மிமீ = 1.042ன்னு ஒரு மாதிரி நம்பர் வந்திருக்கும், அத யாரும் பாக்கல. இதெல்லாம் எடுத்துச் சொல்லியும் ஷீட் காசக்கூட திருப்பித் தரல.

இப்ப நான் டிடபிள்யூஜியே கொடுக்கறதில்ல. வீட்லயே DWG To PDF.pc3ல ISO full bleed A2 (594 x 420), Layout, 1:1, என் சிடிபின்னு வச்சு பிடிஎஃப் எடுத்துடறேன், பார்டர் பேப்பர் ஓரத்துலருந்து 15 மிமீ உள்ள. கடைல பிடிஎஃப் பிரிண்ட் பண்ணும்போது Actual size போடச் சொல்லி பக்கத்துலயே நிக்கறேன், அங்க Fit இருந்தா திரும்ப அதே கதைதான். டைட்டில் பிளாக் பக்கத்துல பேப்பர் ஸ்பேஸ்ல சரியா 100 மிமீக்கு ஒரு கோடு போட்டு வச்சுருக்கேன், ஷீட் வந்ததும் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டீல் ஸ்கேல் வச்சு பாக்கறேன். 96 காட்டுனா அந்த ஷீட்ட அங்கயே வச்சுட்டு வேற போடச் சொல்லுங்க.